வீட்டுச் சண்டையைக் கணவர் அக்காவிடம் சொல்கிறார்: நிறுத்தச் சொல்வது எப்படி?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் சண்டை வந்தால், அரை மணி நேரத்தில் அவருடைய அக்காவுக்கும் நெருங்கிய நண்பருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது. நான் அனுப்பிய மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கூட அனுப்பியிருக்கிறார். போன வாரம் நாத்தனார் என்னிடமே, "அவன்கிட்ட கத்தாதம்மா, ஏற்கெனவே ஆபீஸ்ல அவனுக்கு டென்ஷன்" என்றார். எனக்குத் தலைகுனிவாக இருந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றால், "அப்போ நான் யார்கிட்டதான் பேசறது?" என்கிறார். இதை எப்படிக் கேட்பது?

பதில்:

உங்கள் கணவர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "யார்கிட்டதான் பேசறது?" என்பது உங்களுக்குச் சாக்குப்போக்காகத் தோன்றியிருக்கலாம். தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்வதையே வேலையாக வைத்திருக்கும் எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. அதற்கு ஒரு பதில் கிடைக்காதவரை நீங்கள் என்ன கேட்டாலும் அது நிற்காது. இன்றைக்கு "சரி, சொல்லல" என்பார். அடுத்த சண்டையில் மனசு கொதிக்கும்போது கை தானாகப் போனை எடுக்கும். அதற்குப் பிறகு சொல்வதும் தொடரும், சொன்னதை உங்களிடம் மறைப்பதும் சேர்ந்துகொள்ளும். இப்போது இருப்பதைவிட அது மோசம்.

அதனால் "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பதை முதலில் கைவிடுங்கள். எதைச் சொல்லக் கூடாது, யாரிடம் சொல்லக் கூடாது, அப்படியானால் யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் அவருக்கும் ஒப்புக்கொள்ள இடமிருக்கும், உங்களுக்கும் பிடித்துக்கொள்ள ஒரு வரையறை இருக்கும்.

அவர் ஏன் சொல்கிறார் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவன், இரண்டு பேருக்கு நடுவே இறுக்கம் தாங்க முடியாத அளவுக்குப் போகும்போது அவர்களில் ஒருவர் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார் என்று விளக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் முக்கோணம். மூன்றாவது ஆள் வந்ததும் இறுக்கம் உடனே தணிகிறது. அக்காவிடம் பத்து நிமிடம் பேசியதும் உங்கள் கணவருக்கு மூச்சு சீராகிறது, தூக்கம் வருகிறது. ஆனால் எந்த விஷயத்துக்காகச் சண்டை வந்ததோ அது அங்கேயே கிடக்கிறது. அதை உங்களிடம் பேசித் தீர்க்க வேண்டும் என்ற உந்துதல்தான் குறைந்துபோகிறது. வெளியே சொல்லிவிட்டு வருபவர் வீட்டில் "விடு, முடிஞ்சுபோச்சு" என்று எளிதாகச் சொல்வதன் காரணம் இதுதான். அவருக்கு முடிந்துவிட்டது, உங்களுக்கு முடியவில்லை.

அக்காவின் பக்கத்தையும் பாருங்கள். அவர் கெட்டவர் என்று வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவருக்குக் கிடைப்பது சண்டையின் முதல் பாதி மட்டும்தான். இரவு பதினோரு மணிக்குத் தம்பி குரல் உடைந்து பேசியது அவருக்குத் தெரியும். மறுநாள் காலை நீங்கள் இருவரும் பேசிச் சிரித்து, தம்பி உங்களிடம் மன்னிப்புக் கேட்டது அவருக்குத் தெரியாது. சமாதானம் ஆனதைப் போன் போட்டுச் சொல்பவர்கள் மிகக் குறைவு. இப்படிப் பத்து முதல் பாதிகள் சேர்ந்தால் அக்காவின் மனதில் நீங்கள் கத்துகிற பெண்ணாக மட்டும்தான் இருப்பீர்கள். "கத்தாதம்மா" என்ற வார்த்தையிலேயே அது தெரிகிறது. அவருக்குப் போய்ச் சேர்ந்தது உங்கள் குரலின் அளவு. அதற்கு முன்னால் என்ன நடந்தது, நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்பது போய்ச் சேரவில்லை. இன்னொன்று, கணவன் மனைவி ஒருவரையொருவர் மன்னித்துவிடலாம், கூடப் பிறந்தவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் மனது வராது. நீங்கள் மறந்துபோன சண்டையை நாத்தனார் அடுத்த விசேஷத்திலும் நினைவில் வைத்திருப்பார்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. அவரிடம் பேசுவதற்கு முன் உங்களுக்கு உண்மையில் எது வலித்தது என்று பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். "எல்லாமே" என்றுதான் முதலில் தோன்றும். நிதானமாக யோசித்தால் வலி ஒரே மாதிரி இல்லை என்பது தெரியும். சிலருக்குச் சொன்ன விஷயம்தான் வலிக்கும்: உடம்பு, படுக்கையறை, பிறந்த வீட்டின் கடன், எப்போதோ நம்பிச் சொன்ன பழைய கதை. சிலருக்கு விஷயம் பரவாயில்லை, கேட்டவர் யார் என்பதுதான் பிரச்சினை. நண்பருக்குத் தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்கள், மாமியாருக்குத் தெரிந்தால் கூனிக்குறுகிப் போவார்கள். இன்னும் சிலருக்கு எப்படிச் சொன்னார் என்பது வலிக்கும்.

ஸ்கிரீன்ஷாட் இந்தக் கடைசி வகை. அதை நான் தனியாகவே வைப்பேன். வாயால் சொல்லும்போது சொல்பவர் தன் பார்வையில் சொல்கிறார் என்று கேட்பவருக்குத் தெரியும், நாளடைவில் மறந்தும் போகும். ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது கோபத்தில் நீங்கள் அடித்த எழுத்து, எழுத்து மாறாமல், உங்கள் பெயரோடு. அதற்கு முன் வந்த அவருடைய ஐந்து மெசேஜ்கள் அதில் இருக்காது. அது இன்னொருவர் போனில் எவ்வளவு நாள் கிடக்கும், அங்கிருந்து எங்கே போகும் என்பது உங்கள் கணவர் கையிலும் இல்லை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அதிகம் வலித்தது நண்பருக்குத் தெரிந்தது இல்லை. அக்காவுக்குத் தெரிந்து, அவர் அதை வைத்து உங்களுக்கே புத்தி சொன்னதுதான். அடுத்தது ஸ்கிரீன்ஷாட். என் கணிப்பு சரியென்றால் உங்கள் கோரிக்கை இவ்வளவுதான்: அக்காவிடம் நம் சண்டையின் விவரம் போகக் கூடாது, என் மெசேஜ் யாருக்கும் போகக் கூடாது. நண்பரிடம் பேசுவதை இப்போதைக்கு விட்டுவிடலாம். எல்லாக் கதவையும் ஒரே நாளில் அடைத்தால் அவர் மூச்சுமுட்டிப் போவார். முதல் தடவை கேட்கும்போது இரண்டு விஷயம் போதும்.

கேட்பதற்கு முன் இன்னொரு வேலையும் இருக்கிறது, சங்கடமான வேலை. நீங்கள் யாரிடமாவது சொல்கிறீர்களா? அம்மாவிடம், தங்கையிடம், அலுவலகத் தோழியிடம்? பெரும்பாலும் சொல்லியிருப்போம். "நான் ஆலோசனை கேட்டேன், அவர் குறை சொன்னார்" என்று நமக்கு வசதியாகப் பெயரும் மாற்றிவைத்திருப்போம். நீங்கள் பேச்சை எடுத்ததும் அவர் முதலில் தூக்கிப் போடப்போவது இதைத்தான். அதனால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். "நானும் அம்மாகிட்ட சொல்லியிருக்கேன், இனிமே நானும் இதே மாதிரிதான் இருக்கப்போறேன்" என்று தொடங்கினால் அவர் கையில் இருக்கும் பெரிய கல்லை நீங்களே வாங்கிக் கீழே வைத்த மாதிரி.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒதுக்கிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்கள் எல்லோரும் உங்கள் நிலையில் இருக்கமாட்டார்கள். வீட்டில் அடி, மிரட்டல், பணத்தைப் பிடுங்கிக்கொள்வது, வெளியே போகவிடாமல் தடுப்பது என்று ஏதாவது இருந்தால் இந்தப் பதிலில் உள்ள எதுவும் பொருந்தாது. அங்கே "வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது" என்பதே அடைத்துவைக்கும் பூட்டு. பயத்தில் இருப்பவர் யாரிடம் வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். உங்கள் துணை வெளியே சொல்வது உங்களைப் பார்த்துப் பயந்தா, உங்கள் மேல் இருக்கும் எரிச்சலிலா என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பயம் என்றால் நிறுத்த வேண்டியது அவருடைய பேச்சை இல்லை.

இனி எப்போது, எப்படிப் பேசுவது என்று பார்ப்போம். சண்டை நடக்கும்போது "இதையும் போய் உங்க அக்காகிட்ட சொல்லுங்க" என்று குத்துவதுதான் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சின் தொடக்கம். அது கோரிக்கையாகக் காதில் விழாது, இன்னொரு அடியாகத்தான் விழும். சமாதானம் ஆன அன்று இரவும் வேண்டாம். அப்போது எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவார், யோசித்து ஒப்புக்கொண்டதாக ஆகாது. சண்டை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் போகட்டும். இருவருக்கும் பசி இல்லாத, அவசரம் இல்லாத ஒரு நேரம் பாருங்கள். "ஒரு விஷயம் பேசணும், சண்டை போட இல்ல. இப்போ முடியுமா, சாயங்காலமா?" என்று நேரத்தை அவரையே சொல்லவிடுங்கள்.

தொடக்கம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். சிபில் கரேர், ஜான் காட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 124 புதுமணத் தம்பதிகளை ஒரு கருத்து வேறுபாட்டைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசவைத்துப் படம்பிடித்தார்கள். பின்னாளில் பிரிந்தவர்களுக்கும் சேர்ந்திருந்தவர்களுக்கும் இருந்த வேறுபாடு அந்தப் பேச்சின் முதல் மூன்று நிமிடங்களிலேயே தெரிந்தது என்று 1999-இல் எழுதினார்கள். கடுமையாகத் தொடங்கிய பேச்சு கடைசிவரை கடுமையாகவே போக வாய்ப்பு அதிகம். அதனால் முதல் நாலு வாக்கியத்தை முன்கூட்டியே மனதில் அமைத்துக்கொள்வது நாடகம் ஆடுவது ஆகாது.

நான் இப்படி அமைப்பேன். உங்கள் பேச்சுவழக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

"போன வாரம் அக்கா என்கிட்ட கத்தாதம்மான்னு சொன்னாங்க. அவங்க அக்கறையிலதான் சொன்னாங்க, தெரியும். ஆனா எனக்கு அவங்க முன்னாடி நிக்கவே கூச்சமா போச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் சரியாயிடுது, அவங்களுக்கு அது சரியாக மாட்டேங்குது. அடுத்த தடவை சண்டை வந்தா நான் என்ன சொன்னேன்னு அக்காகிட்ட சொல்ல வேண்டாம், என் மெசேஜை யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்களுக்குப் பேச ஆள் வேணும்னு எனக்குப் புரியுது. அது யாருன்னு சேர்ந்து யோசிப்போமா?"

இதில் கவனிக்க வேண்டியது, "நீங்க எப்பவுமே என்னை விட்டுக்கொடுத்துத்தான் பேசறீங்க" என்பது வரவே இல்லை. நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது, அது உங்களுக்குச் செய்தது என்ன என்பது இருக்கிறது, தெளிவான இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன, அவர் கேட்ட கேள்விக்கான வாசலும் திறந்திருக்கிறது. "எப்பவுமே" என்ற சொல்லைப் போட்டால் பேச்சு சம்பவத்திலிருந்து அவருடைய குணத்துக்குத் தாவிவிடும். அடுத்த அரை மணி நேரம் அவர் தன் குணத்துக்கு வக்காலத்து வாங்குவார்.

அவர் என்ன பதில் சொல்வார்? எனக்குத் தெரிந்தவரை மூன்றில் ஒன்று. "அக்கா எனக்கு அம்மா மாதிரி, அவகிட்ட மறைக்கணுமா?" என்பது முதல் பதில். இதற்கு அக்காவைக் குறைத்து ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அம்மா மாதிரிங்கிறதாலதான் அவங்களுக்குத் தாங்கல. உங்களுக்கு ஒண்ணுன்னா ராத்திரி தூங்கமாட்டாங்க. மறுநாள் நாம சரியானது அவங்களுக்குத் தெரியவும் தெரியாது" என்று சொல்லலாம். இது சாமர்த்தியத்துக்காகச் சொல்வது இல்லை, உண்மையும் அதுதான். தூரத்தில் இருந்துகொண்டு தம்பியின் சண்டையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது அந்த அக்காவுக்கும் சுமைதான்.

"உண்மையைத்தானே சொன்னேன், பொய்யா சொன்னேன்?" என்பது இரண்டாவது. இங்கே உண்மையா பொய்யா என்ற வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். "நீங்க சொன்னது உண்மைதான். ஆனா அது பாதி என்னோடதும். சொல்றதுக்கு முன்னாடி என்னையும் ஒரு வார்த்தை கேட்கணும்" என்பது போதும். தனிப்பட்ட விஷயங்களை மனிதர்கள் எப்படிப் பகிர்கிறார்கள் என்பதை ஆராய்ந்த சாண்ட்ரா பெட்ரோனியோ இதை ஒரு கோட்பாடாகவே வைத்திருக்கிறார். இருவர் அறிந்த ரகசியத்துக்கு இருவரும் உடைமையாளர்கள், அதை வெளியே எடுத்துப்போக என்ன விதி என்று இருவரும் பேசிவைக்காதபோதுதான் தகராறு வருகிறது என்கிறார். பல வீடுகளில் கணவனும் மனைவியும் அந்த விதியைப் பேசியதே கிடையாது. இவர் வளர்ந்த வீட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்கள், அவர் வளர்ந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருப்பார்கள். இருவரும் தத்தம் வீட்டு வழக்கமே இயல்பு என்று நினைத்துக்கொண்டு, மற்றவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று கோபப்படுவார்கள். உங்கள் கணவரிடம் "உங்க வீட்ல சின்ன வயசுல சண்டை வந்தா யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் பேச்சு இளகும் இடம் அதுதான்.

மூன்றாவது, "அப்போ யார்கிட்டதான் பேசறது?" இதற்குத்தான் நீங்கள் தயாராக வந்திருக்க வேண்டும்.

இதற்கான பதிலை நான் இரண்டாகப் பிரிப்பேன், ஏனென்றால் அவருடைய தேவையும் இரண்டு. ஒன்று, அந்த நேரத்துக் கொதிப்பு அடங்க வேண்டும். மற்றது, இதைப் பற்றி யோசிக்க இன்னொரு மூளை வேண்டும். முதல் தேவைக்கு ஆளே வேண்டியதில்லை. சண்டையின் உச்சத்தில் இதயம் வேகமாக அடிக்கிறது. நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாகக் காதில் ஏறாது, அது தணிய குறைந்தது இருபது நிமிடம் வேண்டும் என்பது காட்மன் சொல்லும் கணக்கு. உங்கள் கணவர் போனை எடுப்பது சரியாக இந்த இருபது நிமிடத்துக்குள்தான். அதனால் அந்த நேரத்துக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். "எனக்கு இப்ப முடியல, அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்" என்று அவர் சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டு வரலாம், நீங்கள் பின்னாலேயே போகக் கூடாது. அல்லது அக்காவுக்கு அனுப்ப நினைத்ததைத் தன் போனிலேயே ஒரு குறிப்பாக எழுதி வைக்கலாம், மறுநாள் காலை அதை அனுப்பத் தோன்றுகிறதா என்று பார்க்கலாம். பெரும்பாலும் தோன்றாது. இதில் உங்கள் பங்கு முக்கியம். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் நிஜமாகவே பேச்சு நடக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு வர வேண்டும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து அதே வேகத்தில் தொடங்கினால் அடுத்த முறை நடக்கப் போகமாட்டார், அக்காவுக்குத்தான் போன் போடுவார்.

இரண்டாவது தேவைக்கு ஆள் வேண்டும். இருவரும் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கணவரின் நண்பரே அந்த ஆளாக இருக்கலாம், நீங்கள் அவரை எவ்வளவு அறிவீர்கள் என்பதைப் பொறுத்தது. நல்ல ஆளை எப்படி அறிவது? கதையைக் கேட்டு முடித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வியை வைத்துத்தான். "ஐயோ, அப்படியா சொன்னா? அப்புறம்?" என்பவர் வேண்டாம். "சரி, அதுக்கு முன்னாடி நீ என்ன சொன்னே?" என்று கேட்பவர் வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டோஹர்ட்டி, நண்பர்களும் உறவினர்களும் இப்படி நம்பிக்கைக்குரிய காதாக இருப்பதற்கென்றே பயிற்சி நடத்தியிருக்கிறார். வலியைக் கேட்க வேண்டும், ஆனால் அங்கே இல்லாத துணைக்கு எதிராகத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது அதன் அடிப்படை. ஒத்து ஊதுபவர் அந்த நேரத்துக்கு இதமாக இருப்பார். ஆனால் ஒரே குறையை இரண்டு பேர் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அமாண்டா ரோஸ் என்ற உளவியலாளர் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், இப்படிச் சேர்ந்து புலம்பும் நட்புகள் நெருக்கமாக இருந்ததையும், அதே பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்ததையும் 2002-இல் காட்டினார். பெரியவர்களிடமும் நான் பார்ப்பது இதேதான்: பேசப் பேசச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நெருக்கம் கூடும், சொல்லப்படும் ஆள் மேல் கசப்பும் கூடும்.

ஆளைத் தேர்ந்தெடுத்ததும் எவ்வளவு சொல்லலாம் என்பதையும் பேசிவிடுங்கள். ஒரு சண்டையை வைத்தே பார்க்கலாம். சனிக்கிழமை ராத்திரி அவருடைய தம்பிக்குக் கடன் கொடுப்பதைப் பற்றிச் சண்டை என்று வைத்துக்கொள்வோம். "எங்களுக்குள்ள பண விஷயமா சண்டை, எனக்கு மனசு சரியில்ல. தம்பிக்கு முடியாதுன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று அவர் நண்பரிடம் சொன்னால் நீங்கள் ஆட்சேபிக்கக் கூடாது. அது அவருடைய மனது, அவருடைய குழப்பம். "அவ என் தம்பியை உதவாக்கரைன்னு சொல்லிட்டா, அவங்க அப்பா மட்டும் ஒழுங்கா?" என்று சொன்னால் எல்லை தாண்டியாயிற்று. முதலாவதில் பேசப்படுபவர் அவர், இரண்டாவதில் நீங்களும் உங்கள் அப்பாவும். தன்னைப் பற்றிச் சொல்லலாம், உங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தையை எடுத்துச் சொல்லக் கூடாது என்று வைத்துக்கொண்டால் அந்த நேரத்துப் பதற்றத்திலும் நினைவில் நிற்கும். இதோடு ஒன்றைச் சேர்ப்பேன்: சண்டையைச் சொன்னவரிடம் சமாதானத்தையும் சொல்ல வேண்டும். "நேத்து சொன்னேன்ல, பேசிட்டோம், சரியாயிடுச்சு. நானும் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன்" என்று ஒரு மெசேஜ் போதும்.

அடுத்தது அக்கா. ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் நேரில் போய் உங்கள் தரப்பைச் சொல்லி அதைச் சரிசெய்ய நினைக்காதீர்கள். அப்படிச் செய்தால் நீங்களும் சண்டையைக் கொண்டுபோய் அவர் முன் வைத்துப் பஞ்சாயத்துக்கு அழைத்ததாகிவிடும். கதவைத் திறந்தவர்தான் மூட வேண்டும். கணவர் அக்காவிடம் இப்படிச் சொன்னால் போதும்: "அக்கா, நான் கோவத்துல உன்கிட்ட ஒருதலையா நிறையச் சொல்லிட்டேன். அவளைப் பத்தி இனிமே அப்படிச் சொல்லமாட்டேன். நீயும் அவகிட்ட அதைப் பத்திக் கேட்காதே, எனக்குக் கஷ்டமா இருக்கு." இதில் "அவ சொல்லச் சொன்னா" என்பது வரவே கூடாது. வந்தால் தம்பியைத் தன்னிடமிருந்து பிரித்தவள் என்ற பெயர் உங்களுக்கு நிரந்தரமாகிவிடும். இதைக் கணவரிடம் முன்பே வெளிப்படையாகச் சொல்லி வையுங்கள், பலர் யோசிக்காமல் அந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள்.

அப்படியும் நாத்தனார் மறுபடி பேச்சை எடுத்தால், விளக்கம் சொல்லாமல் அன்பாக முடித்துவிடுங்கள். "நீங்க கவலைப்படறது புரியுது அண்ணி, நாங்க பேசிக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டு அவர் பிள்ளைகளைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ கேளுங்கள். சண்டைக்கு வெளியே அவருக்கும் உங்களுக்கும் இடையே ஓர் உறவு இருந்தால்தான் தம்பி சொல்லும் கதையை அவர் முழுதாக நம்பாமல் இருப்பார். உங்களை நேரடியாகவே அறிந்த ஒருவரிடம் பாதிக் கதை அவ்வளவு எளிதில் ஒட்டாது.

இவ்வளவு பேசிவைத்தும் அடுத்த சண்டையில் அவர் தவறக்கூடும். பழக்கம் ஒரே பேச்சில் போகாது. முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது? அவர் போனை எடுத்துப் பார்த்து அளக்காதீர்கள். அப்படிப் பார்க்கத் தொடங்கினால் பிரச்சினை அக்காவிலிருந்து நம்பிக்கைக்குத் தாவிவிடும், அதில் நீங்கள்தான் குற்றவாளியாக நிற்பீர்கள். வேறு அடையாளங்கள் உண்டு. தவறியதை அவரே வந்து "நேத்து அக்காகிட்ட கொஞ்சம் சொல்லிட்டேன்" என்று சொல்கிறாரா? அது பெரிய மாற்றம். அப்போது பாய்ந்து விழாமல் "என்ன சொன்னீங்க, இப்ப அக்கா என்ன நினைக்கிறாங்க?" என்று மட்டும் கேளுங்கள், உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை சொல்லமாட்டார். சண்டைக்குப் பிறகு உங்களிடம் திரும்பி வந்து பேச எடுத்துக்கொள்ளும் நேரம் குறைகிறதா? உறவினர்கள் உங்களிடம் இனம்புரியாத ஆறுதல் குரலில் பேசுவது நிற்கிறதா? இவை நடந்தால் சரியான வழியில்தான் போகிறீர்கள்.

ஒருவேளை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை, "என் அக்காகிட்ட நான் என்ன வேணாலும் பேசுவேன்" என்று நின்றால்? முதலில், உங்களிடம் பேச முயன்று முடியாமல் போய்த்தான் அங்கே போகிறாரா என்று கேளுங்கள். "என்கிட்ட சொல்ல முடியாம அவங்ககிட்ட சொல்றது என்ன?" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் பதிலை முழுக்கக் கேட்க வேண்டும், அது காதுக்கு இனிமையாக இருக்காது. நீங்கள் கத்துவது நிஜமாகவே அவரை ஒடுக்குகிறது என்றால் உங்கள் பக்கமிருந்து மாற வேண்டியது அங்கே இருக்கிறது. அதைக் கேட்ட பிறகும் அவர் மறுத்தால், தம்பதி ஆலோசகர் ஒருவரிடம் சேர்ந்து போகலாம் என்று சொல்லிப் பாருங்கள். "யார்கிட்ட பேசறது" என்று கேட்ட ஆளுக்கு அது நேரான பதிலும்கூட, கேட்பவர் இருவருக்கும் பொதுவானவர், சொன்னது அறையை விட்டு வெளியே போகாது. அதற்கும் வரமாட்டேன் என்றால் உங்கள் கையில் இருப்பதை மட்டும் செய்யுங்கள். கோபத்தில் மெசேஜ் அடிக்காமல் நேரில் மட்டும் பேசுங்கள். பிறந்த வீட்டு விஷயங்களில் எதை அவரிடம் சொல்லலாம் என்று யோசித்துச் சொல்லுங்கள். ஏன் முன்போல எல்லாம் சொல்வதில்லை என்று ஒரு நாள் அவர் கேட்பார். அன்றைக்குக் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.